மதர்போர்டு மாறியதும் செல்லாமல் போன லைசென்ஸ்: ஒரு டூல் ரூமில் நடந்தது

பின்னணி

கோவையில் ஒரு சிறிய டூல் ரூம். பிளாஸ்டிக் மோல்டும் டையும் செய்கிறார்கள். இரண்டு சிஎன்சி மில்லிங் மெஷின்கள், டிசைனுக்கென்று ஒரே ஒரு வொர்க்ஸ்டேஷன். அந்த வொர்க்ஸ்டேஷனில்தான் மில்லிங் புரோகிராம் எழுதும் CAM, அதாவது கேம் மென்பொருள் இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் பெரிய தொகை கொடுத்து நிரந்தர லைசென்ஸாக வாங்கியது. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை 14 மாதங்களாகக் கட்டவில்லை. புதிய வெர்ஷன் தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறவன் நான்.

லைசென்ஸ் நோடு-லாக் வகையைச் சேர்ந்தது. அதாவது சர்வரோ இணையமோ தேவையில்லை, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். பொறியியல் மென்பொருள்களில் பரவலாக இருக்கும் ஃபிளெக்ஸ்நெட் முறையில், ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல்தான் லைசென்ஸ். வாங்கியபோது டீலரின் ஆள் வந்து போட்டுவிட்டுப் போனார். அந்த ஃபைலை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

போர்டு போன விதம்

ஐப்பசி மழையில் மின்சாரம் அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி, வொர்க்ஸ்டேஷன் வேலைக்கு நடுவே தானாக அணைந்தது. திரும்பப் போட்டால் எழும், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓடும், மறுபடி அணையும். ஐந்து நாட்கள் இப்படியே ஓட்டினார்கள். டிசைனர் எனக்கு ஃபோனில் சொன்னபோது பவர் சப்ளையாக இருக்கும் என்று நினைத்து மாற்றச் சொன்னேன். மாற்றியும் சரியாகவில்லை. புதன்கிழமை மாலை அணைந்தது எழவே இல்லை.

அந்த ஐந்து நாட்களைக் குறித்து வைக்கிறேன். பின்னால் இது முக்கியமாகிறது.

சர்வீஸ் கடையில் திறந்து பார்த்தார்கள். பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி எரிந்து, போர்டின் உள்ளடுக்கும் கருகியிருந்தது. கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். சிப் லெவலில் சரிசெய்ய முயலலாம், நான்கைந்து நாள் ஆகும், உத்தரவாதம் இல்லை. அல்லது அதே மாடல் பழைய போர்டு ஒன்று கையில் இருக்கிறது, மறுநாளே மாட்டித் தரலாம். வாடிக்கையாளருக்கு டை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "மாட்டிருங்க, நாளைக்கு ஓடணும்" என்றார் முதலாளி. என்னிடம் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருப்பேன்.

வியாழன் மாலை போர்டு மாற்றப்பட்டது. பிராசஸர், ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் பழையதே. முதலில் வந்தது பிட்லாக்கரின் நீலத் திரை. டிஸ்க்கைத் திறக்கும் சாவி பழைய போர்டின் டிபிஎம் சிப்போடு கட்டப்பட்டிருந்ததால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. நல்லவேளையாக அது முதலாளியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுத்ததும் விண்டோஸ் எழுந்தது. எல்லாம் சரி என்று நினைத்து வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளி காலை கண்டது

கேம் மென்பொருளைத் திறந்தால் இப்படி வந்தது (இங்கே தரும் எண்கள் எல்லாம் மாற்றப்பட்டவை):

```
Invalid host.
 The hostid of this system does not match the hostid
 specified in the license file.
Hostid: 001a2b3c4d5e
FlexNet Licensing error:-9,57
```

நான் போய்ச் சேருவதற்குள் இரண்டு வேலைகள் நடந்திருந்தன. டிசைனர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். அதே பிழைதான் வந்தது. லைசென்ஸ் ஃபைல் நிறுவல் ஃபோல்டருக்கு வெளியே இருந்ததால் மட்டுமே அது தப்பித்தது. அடுத்து, அவருடைய நண்பர் ஒருவர் ஃபோனில் சொன்னபடி ஃபைலை நோட்பேடில் திறந்து, கம்ப்யூட்டரின் அடையாளமாக அதில் இருந்த பழைய ஹோஸ்ட் எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட்டிருந்தார். அப்போது பிழை எண் -9 என்பதிலிருந்து -8 ஆக மாறியது.

இந்த மாற்றத்திலேயே நோடு-லாக் லைசென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்கத் தெரிந்துவிடும். ஃபைலின் முக்கியமான வரி இப்படி இருக்கும்:

```
INCREMENT mill3x vendord 12.0 permanent uncounted \
  HOSTID=001a2b3c4d5e SIGN="00A1 5F3C 77E2 ..."
```

இதில் எந்த ரகசியமும் இல்லை. எந்த வசதி, எந்த வெர்ஷன் வரை, எந்தக் கம்ப்யூட்டர் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கடைசியில் இருக்கும் `SIGN` என்பதுதான் பூட்டு. அந்த வரியில் உள்ள விவரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறுவனம் தன்னிடம் மட்டும் இருக்கும் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து அது. மென்பொருள் கையெழுத்து வரியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கும், வரியில் உள்ள ஹோஸ்ட் எண் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்றும் பார்க்கும். -9 என்றால் கம்ப்யூட்டர் வேறு என்று அர்த்தம். -8 என்றால் கையெழுத்தே பொருந்தவில்லை. ஒரு எழுத்தை மாற்றினாலும் இதுதான் நடக்கும். பத்திரத்தில் பெயரைத் திருத்திவிட்டு, கையெழுத்து பழையதுதானே என்று சொல்வது மாதிரி. நல்லவேளை, பேக்கப்பில் அசல் ஃபைல் இருந்தது. முதல் வேலையாக அதைத் திரும்ப வைத்தேன்.

எந்த எண் மாறியது

கம்ப்யூட்டர் இப்போது தன்னை என்னவென்று சொல்கிறது என்பதைப் பார்த்தோம்:

```
C:\> lmutil lmhostid
The FlexNet host ID of this machine is
""001a2b77c0f1 00ff5c0a1b2c""
Only use ONE from the list of hostids.
```

ஃபைலில் இருந்த 001a2b3c4d5e இந்தப் பட்டியலில் இல்லை. அது பழைய போர்டில் இருந்த லேன் போர்ட்டின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தப் போர்ட்டை அடையாளம் காட்டும் எண்.

இந்த இடத்தில் முதலாளிக்கு நியாயமான கோபம் வந்தது. "கேஸு அதே, பிராசஸர் அதே, டிஸ்க் அதே, விண்டோஸ் அதே. எப்படிங்க வேற கம்ப்யூட்டர்ங்கிறான்?" என்றார். மென்பொருள் இவற்றில் எதையுமே பார்க்கவில்லை என்பதுதான் பதில். வாங்கிய நாளில் டீலரின் ஆள் குறித்துக்கொண்டு போனது அந்த லேன் போர்ட்டின் 12 இலக்க எண்ணை மட்டும்தான். அந்த எண் போர்டிலேயே பற்றவைத்த ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கும். பல போர்டுகளில் பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் சிப்பின் ஒரு பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். போர்டு குப்பைக்குப் போனால் எண்ணும் போகும். லைசென்ஸைப் பொறுத்தவரை "கம்ப்யூட்டர்" என்பது அந்தச் சிப் மட்டுமே.

இதே வொர்க்ஸ்டேஷனில் இருந்த அளவெடுக்கும் மென்பொருள் ஒன்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் திறந்தது. அதற்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமான லைசென்ஸ்தான். ஆனால் அது ஒரே எண்ணை நம்புவதில்லை. அதன் கையேட்டின்படி, நிறுவும்போது டிஸ்க்கின் வரிசை எண், பிராசஸர் வகை, போர்டின் அடையாள எண், மேக் முகவரி போன்ற பலவற்றைப் படித்து, ஒவ்வொன்றையும் ஹேஷ் செய்து, அதாவது அசலைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு எண்ணாக மாற்றி, சேர்த்து வைத்துக்கொள்கிறது. இதைத்தான் ஹார்டுவேர் கைரேகை என்கிறார்கள். திறக்கும்போதெல்லாம் மறுபடி படித்து ஒப்பிட்டு, போதுமானவை பொருந்தினால் விட்டுவிடும். நமக்குப் போர்டும் மேக்கும் மாறின, டிஸ்க்கும் பிராசஸரும் மாறவில்லை, அதனால் தேர்ச்சி. அன்றைக்கு டிஸ்க்கையும் சேர்த்து மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கலாம்.

இந்த யோசனை பழையதுதான். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி பத்து பாகங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சில பிட்டுகள் மட்டுமே ஒதுக்கிய ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கியது. சில பாகங்கள் மாறினால் பொறுத்துக்கொள்ளும், அளவு மீறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். சுருக்கிய எண்ணிலிருந்து அசல் வரிசை எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் அதில் ஒரு நன்மை.

எல்லா மென்பொருளும் இப்படிப் பொறுமையாக இருந்தால் என்ன என்று டிசைனர் கேட்டார். பொறுமைக்கு ஒரு விலை உண்டு. உதாரணமாக, விண்டோஸ் டிரைவுக்குக் கொடுக்கும் வால்யூம் எண் ஃபார்மேட் செய்யும்போது எழுதப்படுவது. டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். அதை மட்டும் நம்பினால் ஒரு லைசென்ஸ் பத்து கம்ப்யூட்டர்களில் ஓடும். போர்டின் அடையாள எண்ணிலும் குறை இருக்கிறது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களின் போர்டுகளில் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் `Default string` அல்லது `To be filled by O.E.M.` என்று எழுதியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இரண்டு கம்ப்யூட்டர்களை அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. மேக் முகவரி ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும், படிப்பது சுலபம், டிஸ்க்கோடு நகலாகாது. அதனால்தான் பல வருடங்களாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். போர்டோடு சேர்ந்து அது சாகும் என்பதுதான் நாம் கொடுத்த விலை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, புதிய போர்டின் மேக் முகவரியைப் பழைய எண்ணாக மாற்றுவது. லேன் டிரைவரின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது, செய்யத் தெரிந்தவர்களும் உண்டு. செய்ய வேண்டாம் என்று சொன்னேன். லைசென்ஸ் காசு கொடுத்து வாங்கியது, நாம் திருடவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் பூட்டை ஏமாற்றுவதைத் தடை செய்கிறது. பின்னாளில் இதைக் காரணம் காட்டி மறுலைசென்ஸையே மறுக்கலாம். தொழில்நுட்ப ரீதியாகவும் அது நிற்காது. டிரைவர் அப்டேட் ஆனால் அமைப்பு அழியும், சில மென்பொருள்கள் சிப்பில் எழுதிய நிரந்தர எண்ணையே நேராகப் படிக்கும். ஒரு கம்பெனியின் வேலை முழுவதையும் இப்படி ஒன்றின் மேல் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, கருகிய போர்டைச் சிப் லெவலில் சரிசெய்வது. சரியானால் எண் அப்படியே இருக்கும், லைசென்ஸ் ஃபைலைத் தொடவே வேண்டாம். கடைக்காரரிடம் மறுபடி பேசினோம். உள்ளடுக்கு கருகியதால் நம்பிக்கை இல்லை என்றார். போர்டைக் கொடுத்துவிட வேண்டாம், எங்களிடமே வைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லி வாங்கிவந்தேன். அது பின்னால் உதவியது.

மூன்றாவது, நிறுவனத்திடம் முறைப்படி மறுலைசென்ஸ் கேட்பது. இதைத் தேர்ந்தோம். சனிக்கிழமை டீலரைக் கூப்பிட்டால், பராமரிப்பு முடிந்தவர்களுக்கு மாற்றித் தருவதில்லை, 14 மாத நிலுவையும் மறுசேர்க்கைக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார்கள். முதலாளி கட்டிவிடலாம் என்ற மனநிலைக்கு வந்துவிட்டார். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லி, நிறுவல் ஃபோல்டரில் இருந்த உரிம ஒப்பந்தத்தை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். ஹார்டுவேர் பழுதானால், பழைய கம்ப்யூட்டரில் இனி பயன்படுத்த மாட்டோம் என்ற எழுத்து உறுதிமொழியோடு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பராமரிப்பு பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

திங்கள் காலை அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினோம். கூடவே சர்வீஸ் பில், கருகிய போர்டின் படம், அதன் லேன் போர்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த மேக் முகவரி ஸ்டிக்கரின் படம், உறுதிமொழிக் கடிதம். ஸ்டிக்கரில் இருந்த எண்ணும் லைசென்ஸ் ஃபைலில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தது வாதத்தை முடித்துவைத்தது. போர்டைக் கடையிலேயே விட்டிருந்தால் இந்தச் சான்று கிடைத்திருக்காது.

எந்த எண்ணைக் கொடுப்பது

டீலர் புதிய ஹோஸ்ட் எண் கேட்டார். டிசைனர் `lmhostid` காட்டிய பட்டியலை அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்பப் போனார். நிறுத்தினேன். இரண்டு எண்களில் எது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். `getmac /v` கட்டளை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த அடாப்டருடையது என்று காட்டும். 001a2b77c0f1 போர்டின் லேன். 00ff என்று தொடங்கும் இரண்டாவது எண், வாடிக்கையாளர் ஒருவரின் டிராயிங்குகளை இறக்குவதற்காகப் போட்ட விபிஎன் மென்பொருள் உண்டாக்கிய மெய்நிகர் அடாப்டர். அந்த மென்பொருளை அழித்தாலோ மறுபடி நிறுவினாலோ எண் மாறிவிடும். அதற்கு லைசென்ஸ் வாங்கியிருந்தால், போர்டு நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் இதே -9 பிழை வந்திருக்கும்.

யுஎஸ்பி டாங்கிளோடு கட்டித் தரவும் முடியும் என்றார் டீலர். டாங்கிள் என்றால் கம்ப்யூட்டர் எது மாறினாலும் கவலையில்லை. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், தொலைந்தால் லைசென்ஸே தொலைந்தது போலத்தான். இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் புழங்கும் இடத்தில் முன்பக்க யுஎஸ்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பொருளை நம்ப எனக்கு மனமில்லை. போர்டின் லேன் எண்ணையே கொடுத்தோம். பழைய போர்டுதான் இதுவும், மறுபடி போகலாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

பிறகு நடந்தது

செவ்வாய் மதியம் 15 நாளைக்கான தற்காலிக லைசென்ஸ் வந்தது. வெள்ளியன்று நிரந்தர ஃபைல் வந்தது. கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஃபைலை அதன் இடத்தில் வைத்துத் திறந்ததும் ஓடியது.

மெஷின்கள் முழுதாக நிற்கவில்லை. ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் மெஷினிலேயே இருந்ததால் அவை ஓடின. புதிதாக எழுத வேண்டியிருந்த ஒரு டை கோர் மட்டும் நின்றது. அதன் மாடலைப் பக்கத்து டூல் ரூம் ஒன்றுக்குக் கொடுத்து, காசு கொடுத்துப் புரோகிராம் எழுதி வாங்கினார்கள். புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் போஸ்ட் புராசஸர் அவர்களுடையது வேறு என்பதால் முதலில் காற்றில் ஓட்டிப் பார்த்துச் சில வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. டை இரண்டு நாள் தாமதமாகப் போனது.

மறுபடி வந்தால் வேறாகச் செய்வது

அந்த ஐந்து நாட்களுக்குத் திரும்புகிறேன். கம்ப்யூட்டர் விட்டு விட்டு அணைந்துகொண்டிருந்தபோதே நான் நேரில் போய் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து, அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால், போர்டு போகலாம் என்று டீலரிடம் முன்கூட்டியே சொல்லித் தற்காலிக லைசென்ஸ் கேட்டு வைத்திருக்கலாம். இணையம் வழி ஆக்டிவேட் ஆகும் வகை மென்பொருளாக இருந்தால் அந்த நாட்கள் இன்னும் அருமையானவை. உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியதில் எடுத்துக்கொள்ளலாம். எழாத கம்ப்யூட்டரிலிருந்து திருப்பிக் கொடுக்க வழியே இல்லை, நிறுவனத்திடம் கெஞ்ச வேண்டியதுதான்.

சர்வீஸ் கடையில் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். சிப் லெவல் பழுதுபார்ப்பா, மாற்றுப் போர்டா என்று விலையையும் நாளையும் மட்டும் வைத்து முடிவெடுத்தோம். போர்டில் கட்டப்பட்ட லைசென்ஸ் இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும். நமக்கு நேர்ந்ததில் போர்டு மீட்க முடியாத நிலையில் இருந்தது, அதனால் முடிவு மாறியிருக்காது. சாதாரண மின்சுற்றுக் கோளாறாக இருந்திருந்தால் நான்கு நாள் காத்திருப்பது லாபமாக இருந்திருக்கும்.

இப்போது அந்த டூல் ரூமின் நான்கு கம்ப்யூட்டர்களுக்கும் ஆளுக்கொரு தாள் எழுதி, ஃபைலில் போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மென்பொருளின் லைசென்ஸும் எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது, அந்த எண் எந்தப் பாகத்தில் இருக்கிறது, மாற்றித் தரும் பிரிவு ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது, பிட்லாக்கர் எண் எங்கே இருக்கிறது. லைசென்ஸ் ஃபைல்களின் பிரதி ஒன்று பென்டிரைவில் இருக்கிறது. அந்தத் தாளை எழுதும்போதுதான், கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு லைசென்ஸ், இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ செருகிய யுஎஸ்பி வைஃபை குச்சியின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. அதன் மேல் இப்போது 'கழற்றாதீர்கள்' என்று ஒட்டியிருக்கிறோம். மாற்றித் தரச் சொல்லிக் கடிதமும் போயிருக்கிறது.